வங்கிப் பங்கே இல்லாத தொகுப்பு: 4.4 சதவீதம் யாருடையது?

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்தும் பாய் ஒருவர், சத்துவாச்சாரியில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு பழுப்பு உறையோடு வந்தார். உள்ளே அவருடைய பங்கு முதலீட்டின் ஆண்டறிக்கை இருந்தது. சென்னையில் உள்ள ஒரு போர்ட்ஃபோலியோ மேலாண்மை நிறுவனம் அவருடைய பணத்தைப் பார்த்துக்கொள்கிறது. இந்த வகைக் கணக்கைத் தொடங்கக் குறைந்தது 50 லட்சம் ரூபாய் வேண்டும் என்பது செபியின் 2020ஆம் ஆண்டு விதி. பாய் அதைவிடச் சற்று அதிகமாகவே போட்டிருந்தார்.

கணக்குத் தொடங்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். வட்டித் தொழில் செய்யும் நிறுவனம் எதிலும் தன் பணம் போகக் கூடாது. வங்கி, நிதி நிறுவனம், காப்பீடு எதுவும் வேண்டாம். ஒப்பந்தத்தில் அது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நிறுவனமும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தது.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம். தொகுப்பின் வருமானம் 17.0 சதவீதம், ஒப்பீட்டுக்கு வைத்த பி.எஸ்.இ. 500 மொத்த வருமானக் குறியீடு 12.6 சதவீதம், மிகை வருமானம் 4.4 சதவீதம். அதன் கீழே, இந்த மிகை வருமானம் தங்கள் பங்குத் தேர்வின் பலன் என்று ஒரு வரி. பாய் அந்த வரியின் மேல் விரலை வைத்துக் கேட்டார்: “தம்பி, இதை இவர்கள் சம்பாதித்தார்களா, தானாக வந்ததா?”

நான் இதுவரை கேட்ட முதலீட்டுக் கேள்விகளில் இவ்வளவு சரியான கேள்வி குறைவு. அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. நடுவில் நானே ஒரு தவறான முடிவைச் சொல்லி, திருத்திக்கொள்ளவும் நேர்ந்தது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் தெரியாமல் காக்க எண்களை மாற்றி எளிய எண்களாக்கியிருக்கிறேன், துறைகளையும் சுருக்கியிருக்கிறேன். ஆகவே இதில் வரும் துறை வருமானங்களை எந்த ஆண்டின் குறியீட்டோடும் பொருத்திப் பார்க்க வேண்டாம். கணக்கின் போக்கு மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

முறையை விளக்கத் தொடங்கியதுமே பாய் அதைத் தன் தொழிலுக்குக் கொண்டுபோய்விட்டார். “ஆட்டுத்தோல் விலை ஏறிய வருஷத்தில் ஆட்டுத்தோல் வைத்திருந்த எல்லாருக்கும் லாபம்தான். அந்தத் தோலில் நான் நல்லதாகப் பொறுக்கினேனா, ஓட்டை விழுந்ததை வாங்கினேனா என்பது வேறு கணக்கு.” இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாட்டுத்தோலைக் குறைத்து ஆட்டுத்தோலைக் கூட்டியதால் வந்தது ஒதுக்கீட்டு விளைவு. ஆட்டுத்தோலுக்குள் நல்லதைப் பொறுக்கியதால் வந்தது தேர்வு விளைவு. பங்குத் தொகுப்பில் தோல் ரகத்தின் இடத்தில் துறையை வைக்கிறோம்.

இந்தப் பிரிப்பு முறை பிரின்சன் என்ற பெயரோடு சேர்ந்தது. 1985இல் பிரின்சனும் ஃபாக்லரும் ஒரு வடிவத்தைக் கொடுத்தார்கள். 1986இல் பிரின்சன், ஹூட், பீபோவர் மூவரும் இன்னொரு வடிவத்தை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் உள்ள ஒரு சிறு வேறுபாடு பாயின் கணக்கில் பெரிதாக வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன். நான் பயன்படுத்திய வாய்பாடு இது:

```
A_i = (wp_i - wb_i) × (rb_i - Rb)
S_i = wp_i × (rp_i - rb_i)
```

A ஒதுக்கீடு, S தேர்வு. w என்பது எடை, அதாவது மொத்தப் பணத்தில் அந்தத் துறைக்குப் போன அளவு; r என்பது வருமானம். i துறையையும் p தொகுப்பையும் b குறியீட்டையும் குறிக்கும். Rb குறியீட்டின் மொத்த வருமானம். அந்த ஆண்டில் மேலாளர் வாங்கி விற்றது மிகக் குறைவு என்பதால், ஆண்டுத் தொடக்க எடைகளையே எடுத்துக்கொண்டேன்.

| துறை | தொகுப்பு எடை | குறியீட்டு எடை | தொகுப்பு வருமானம் | குறியீட்டு வருமானம் |
|---|---|---|---|---|
| நிதி | 0 | 30 | இல்லை | 4 |
| தகவல் தொழில்நுட்பம் | 30 | 15 | 18 | 20 |
| மருந்து | 20 | 10 | 33 | 30 |
| மற்றவை | 50 | 45 | 10 | 12 |

எல்லாம் சதவீதத்தில். முதலில் நிதித் துறையைப் பார்ப்போம். குறியீட்டில் 30 சதவீதம் அங்கே இருக்கிறது. பாயிடம் ஒன்றும் இல்லை. அந்தத் துறை 4 சதவீதம் கொடுத்தபோது குறியீடு முழுவதும் 12.6 கொடுத்தது. அதாவது பின்தங்கிய ஒரு துறையில் 30 சதவீதம் குறைவாக இருந்திருக்கிறார். 0.30ஐ 8.6ஆல் பெருக்கினால் 2.58 சதவீதம் ஆதாயம். தகவல் தொழில்நுட்பத்தில் கூடுதலாக இருந்ததால் 1.11, மருந்தில் கூடுதலாக இருந்ததால் 1.74. மற்றவையில் 0.03 இழப்பு. ஆக ஒதுக்கீடு மொத்தம் 5.40.

மிகை வருமானமே 4.40தான். ஒதுக்கீடு 5.40 என்றால் தேர்வு என்னவாக இருக்க முடியும்? தகவல் தொழில்நுட்பத்தில் மேலாளர் வாங்கிய பங்குகள் அந்தத் துறையைவிட 2 சதவீதம் குறைவாகக் கொடுத்தன, அதனால் 0.60 இழப்பு. மருந்தில் 0.60 ஆதாயம். மற்றவையில் 1.00 இழப்பு. மொத்தம் கழித்தல் 1.00. பங்குத் தேர்வின் பலன் என்று எழுதிய அறிக்கையில், பங்குத் தேர்வு ஒரு சதவீதத்தைத் தின்றிருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு வடிவங்களின் வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டு வடிவத்தில் ஒதுக்கீட்டுக் கணக்கில் Rbஐக் கழிப்பதில்லை. எடை வேறுபாட்டைத் துறையின் வருமானத்தாலேயே பெருக்குவார்கள். அப்படிச் செய்தால் நிதித் துறை பாய்க்கு 1.20 இழப்பைத் தந்ததாக வரும், ஏனென்றால் 4 சதவீதமும் லாபம்தானே, அதை விட்டுவிட்டோமே என்று கணக்கு நினைக்கிறது. ஆனால் அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. வேறு துறைகளில் 4ஐவிட அதிகமாகச் சம்பாதித்தது. எடை வேறுபாடுகளின் கூட்டல் பூஜ்யம் என்பதால் இரண்டு வடிவத்திலும் ஒதுக்கீட்டு மொத்தம் 5.40தான் வரும். துறைவாரி வரிகள்தான் மாறும். ஒரு அறிக்கையில் துறைவாரி ஒதுக்கீட்டைப் படிக்கும்போது எந்த வடிவம் என்று கேட்காமல் படித்தால், பின்தங்கிய துறையைத் தவிர்த்தவரைக் குற்றவாளியாக்கிவிடுவோம்.

மென்பொருளில் ஒளிந்திருக்கும் இன்னொரு பிழையும் இதே நிதி வரியில்தான் அகப்பட்டது. நிறுவனம் அனுப்பிய விரிவான அட்டவணையில் தேர்வு விளைவை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். குறியீட்டு எடையில் கணக்கிட்ட தூய தேர்வு ஒன்று; எடையும் தேர்வும் சேர்ந்து உண்டாக்கும் ஊடாட்ட விளைவு மற்றொன்று. அப்படிப் பிரிப்பது தவறில்லை. ஆனால் நிதி வரியில் தேர்வு கழித்தல் 1.20 என்றும், ஊடாட்டம் கூட்டல் 1.20 என்றும் இருந்தது. ஒரு பங்கும் வாங்காத துறையில் எப்படித் தேர்வு இருக்கும்? வருமானம் இல்லை என்று இருக்க வேண்டிய கட்டத்தில் மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பூஜ்யத்திலிருந்து 4ஐக் கழித்து, 30 சதவீதத்தால் பெருக்கி, இல்லாத ஒரு இழப்பை உருவாக்கிவிட்டது. ஊடாட்டத்தில் அதே எண் எதிர்க்குறியோடு வந்து அடித்துக்கொள்வதால் மொத்தம் சரியாகவே இருக்கும். கூட்டிப் பார்த்துச் சரிபார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. எடை பூஜ்யமாக உள்ள ஒவ்வொரு வரியிலும் தேர்வும் ஊடாட்டமும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வாங்காத துறைக்குக் குறியீட்டின் வருமானத்தையே தொகுப்பின் வருமானமாக வைத்தால் பிழை போய்விடும்.

இதுவரை கணக்கு. இனி பாயின் கேள்வி. 5.40 ஒதுக்கீட்டு ஆதாயம் என்றால் அந்த ஒதுக்கீட்டைச் செய்தது யார்?

நிதித் துறையை விலக்கியவர் பாய். மேலாளர் அதை யோசிக்கவும் இல்லை, யோசிக்க அவருக்கு இடமும் இல்லை. அந்தத் துறை பின்தங்கியது மேலாளரின் திறமையாக முடியாது. அது முன்னேறி ஓடும் ஆண்டில் அதே வரி பெரிய இழப்பைக் காட்டும். அப்போது மேலாளரைத் திட்டுவதும் நியாயமாகாது. ஆகவே இரண்டு படிகளாகப் பிரித்தேன். முதல் படியில் குறியீட்டிலிருந்து நிதித் துறையை மட்டும் எடுத்துவிட்டு, மீதி 70 சதவீதத்தை அதே விகிதத்தில் 100 ஆக்கினேன். அந்தத் திருத்திய குறியீட்டின் வருமானம் 16.29. முழுக் குறியீடான 12.6ஐவிட இது 3.69 அதிகம். இந்த 3.69 பாயின் நிபந்தனையால் வந்தது. மேலாளர் வாயே திறக்காமல் திருத்திய குறியீட்டை அப்படியே வாங்கி வைத்திருந்தாலும் இது வந்திருக்கும்.

இரண்டாம் படியில் 17.0க்கும் 16.29க்கும் உள்ள 0.71 மட்டும் மேலாளரின் பங்கு. திருத்திய குறியீட்டை வைத்து மறுபடி பிரித்தால் ஒதுக்கீடு கூட்டல் 1.71, தேர்வு கழித்தல் 1.00.

மறுநாள் மேல்விஷாரம் போய் இதைச் சொன்னேன். தோல்கள் காயப்போட்டிருந்த கொட்டகைக்குப் பக்கத்தில், தொழிற்சாலை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக் காட்டினேன். 3.69, 1.71, கழித்தல் 1.00. “உங்கள் மேலாளருக்குத் துறை பார்க்கத் தெரிகிறது, பங்கு பொறுக்கத் தெரியவில்லை” என்று முடித்தேன். பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “மற்றவை என்று பாதிப் பணத்தை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்களே தம்பி, அதை அவிழ்க்க வேண்டாமா?” என்றார்.

அவிழ்த்தேன். எனக்கு வியர்த்தது.

மற்றவை என்ற வரிக்குள் இரண்டு பெரிய கூட்டங்கள் இருந்தன. ஒன்று சோப்பு, பிஸ்கட் போன்ற நுகர்பொருள் நிறுவனங்கள். இன்னொன்று இயந்திரம், மின்சாதனம் போன்ற தொழில்துறை நிறுவனங்கள். குறியீட்டில் நுகர்பொருள் 20 சதவீத எடையோடு 3 சதவீதம் கொடுத்தது. தொழில்துறை 25 சதவீத எடையோடு 19.2 சதவீதம் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து 12. பாயின் தொகுப்பில் நுகர்பொருள் 35 சதவீதம், அது கொடுத்தது 4. தொழில்துறை 15 சதவீதம், அது கொடுத்தது 24. இரண்டும் சேர்ந்து 10.

இப்போது பாருங்கள். நுகர்பொருளில் மேலாளரின் பங்குகள் துறையைவிட 1 சதவீதம் மேல். தொழில்துறையில் 4.8 சதவீதம் மேல். இரண்டிலும் அவர் நன்றாகவே பொறுக்கியிருக்கிறார். அதனால் வந்த ஆதாயம் 1.07. நான் தேர்வின் மேல் போட்ட 1.00 இழப்பு, உண்மையில் மந்தமான நுகர்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பணத்தைக் குவித்ததால் வந்தது. அந்தக் குவிப்பின் இழப்பு 2.07. ஒரே மூட்டையாகக் கட்டியபோது இந்த 2.07ம் 1.07ம் கலந்து, கழித்தல் 1.00 ஆகி, தேர்வு என்ற பெயரில் வெளியே வந்திருக்கிறது.

புதிய பிரிப்பில் தேர்வு கூட்டல் 1.07. ஒதுக்கீடு, 1.71இல் 2.07 போக, கழித்தல் 0.36. நான் சொன்ன தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. மேலாளருக்குப் பங்கு பொறுக்கத் தெரிகிறது. துறைப் பங்கீட்டில்தான் சறுக்கியிருக்கிறார். அன்று மாலையே பாய்க்குத் தொலைபேசியில் சொல்லி, என் முதல் தாளைக் கிழித்துவிடச் சொன்னேன்.

இந்த முறையில் நான் மிகவும் அஞ்சும் இடம் இதுதான். துறைகளை எப்படிக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒதுக்கீடும் தேர்வும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். பெரிய கூட்டங்களாக வைத்தால் உள்ளே நடந்த ஒதுக்கீடு தேர்வாக வேடம் போடும். மிகச் சிறியதாக உடைத்தால் ஒவ்வொரு பங்கும் ஒரு துறையாகி, தேர்வு என்பதே காணாமல் போய், எல்லாம் ஒதுக்கீடாகிவிடும். மொத்தம் எப்போதும் பொருந்தும் என்பதால் கூட்டுத்தொகை எந்த எச்சரிக்கையும் தராது. ஒரு வரி மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அல்லது அதற்குள் இருக்கும் பங்குகளின் வருமானம் ஒன்றுக்கொன்று மிகவும் விலகி இருந்தால், அதை உடைத்துப் பார்ப்பது என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்றில் ஒரு பங்கு என் அனுபவ அளவு. வாய்பாடு எதுவும் சொல்வதில்லை.

எந்தக் கூட்டம் சரி என்பதற்கு ஒரே ஒரு நேர்மையான வழி, மேலாளர் எப்படி முடிவெடுக்கிறார் என்று அவரையே கேட்பது. கேட்டேன். அவர் மரியாதையாகவும் தெளிவாகவும் பேசினார். துறை பார்த்து வாங்குவதில்லை, கடன் குறைவாகவும் கையில் ரொக்கம் தாராளமாகவும் உள்ள நிறுவனங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு வாங்குகிறோம் என்றார். நம் நாட்டில் சோப்பும் பிஸ்கட்டும் விற்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்குக் கடன் மிகக் குறைவு. அந்தச் சல்லடையில் போட்டால் நுகர்பொருள் தானாக மேலே வந்து நிற்கும். 35 சதவீதம் அவர் திட்டமிட்ட எண் இல்லாமல் இருக்கலாம்; ஆனால் அவர் தேர்ந்தெடுத்த சல்லடையின் விளைவு. ஆகவே 2.07 இழப்பு அவருடைய முடிவில் சேர்ந்ததுதான். அதைத் துறை ஒதுக்கீடு என்று எழுதுவதைவிடக் கடன் குறைந்த நிறுவனங்களின் பக்கம் சாய்ந்ததன் விலை என்று எழுதினால் உண்மைக்கு அருகில் வரும்.

இங்கே என் திருத்திய குறியீட்டின் குறையையும் சொல்லியாக வேண்டும். நான் நிதித் துறையை மட்டும் நீக்கினேன். இஸ்லாமிய நெறிக்கு உட்பட்ட பங்குகளை மட்டும் கொண்ட ஷரியா குறியீடுகளின் சல்லடை அதைவிட நுணுக்கமானது. மது, சூதாட்டம் போன்ற தொழில்களை விலக்குவதோடு கடன் மிகுந்த நிறுவனங்களையும் அது வடிகட்டுகிறது. பாய் அந்த முழு நிபந்தனையை விதித்திருந்தால், கடன் குறைவின் பக்கம் உள்ள சாய்விலும் ஒரு பகுதி அவருடைய கணக்கில்தான் சேரும். நிஃப்டி 500 ஷரியா குறியீட்டோடு ஒப்பிட்டால் அதுவும் பிரிந்து தெரியும். பி.எஸ்.இ. 500ஐ வைத்ததற்காக நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரல் முதல் இந்த வகைத் திட்டங்கள் வரையறுக்கப்பட்ட சில குறியீடுகளில் ஒன்றைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளருக்குக் கூடுதலாக இன்னொரு ஒப்பீட்டைக் கொடுக்க யாரும் தடை சொல்லவில்லை.

மாதாமாதம் பங்குகள் கைமாறும் தொகுப்பு என்றால் ஆண்டுத் தொடக்க எடை போதாது. மாதவாரியாகப் பிரித்துக் கோக்க வேண்டும். அங்கே ஒரு சிக்கல் உண்டு. தொகுப்பு இரண்டு மாதமும் 10 சதவீதம், குறியீடு இரண்டு மாதமும் 5 சதவீதம் கொடுத்தால் மாத மிகைகளின் கூட்டல் 10. உண்மையான மிகையோ 21க்கும் 10.25க்கும் உள்ள 10.75. கூட்டு வளர்ச்சி உண்டாக்கும் அந்த 0.75ஐ விளைவுகளுக்குள் பங்கிட 1999இல் கரினோ கொடுத்த மடக்கை முறையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பாயின் தொகுப்பில் அந்த அளவுக்கு அசைவு இல்லாததால் நான் அதற்குள் போகவில்லை.

இரண்டு வாரக் குழப்பத்தில் மூன்று அட்டவணைகள் போட்டேன். ஒதுக்கீடு ஒவ்வொன்றிலும் மாறியது, தேர்வு கடைசியில் தலைகீழானது. நிதியைத் தனியாகப் பிரித்த பிறகு அசையாமல் நின்றவை இரண்டு எண்கள்தான்: நிதியை விலக்கியதால் வந்த 3.69, மேலாளர் சேர்த்த 0.71. அந்த 0.71 கட்டணத்துக்கு முந்தையது. பங்குகளின் எடையையும் வருமானத்தையும் வைத்துச் செய்யும் இந்தப் பிரிப்புக்குக் கட்டணம் கண்ணுக்கே தெரியாது. பாய் கொடுப்பது ஆண்டுக்கு 1.5 சதவீதம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1.77. அறிக்கையின் முதல் பக்கத்தில் கட்டணம் போக வருமானம் 15.2 என்று சரியாகவே போட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கக் கட்டத்தில்தான் 17.0. திருத்திய குறியீட்டோடு ஒப்பிட்டால், கட்டணம் போகப் பாய் ஏறக்குறைய 1.06 சதவீதம் பின்தங்கியிருக்கிறார். ஒரு குறியீட்டை அப்படியே வாங்குவதற்கும் சிறு செலவு உண்டு என்பதால் உண்மையான இடைவெளி அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரே ஓர் ஆண்டின் எண்ணை வைத்து மேலாளரை மாற்றுவதும் சரியில்லை. ஒரு மருந்துப் பங்கு ஒரு காலாண்டில் குதித்தாலே 0.71 இரட்டிப்பாகிவிடும்.

அதையும் பாயிடம் சொன்னேன். அவர் கணக்கை மூடவில்லை. நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். அடுத்த அறிக்கையிலிருந்து ஷரியா குறியீட்டோடும் ஒப்பிட்டுக் கொடுங்கள், பங்குத் தேர்வு என்று எழுதும் இடத்தில் பிரிப்பு அட்டவணையை வையுங்கள், கட்டணம் போன எண்ணையே இரண்டாம் பக்கத்திலும் போடுங்கள் என்று எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: “அந்த 35 சதவீதம் நுகர்பொருள் ஏன் என்று கேளுங்கள் தம்பி. சரக்குக் கடையிலேயே அவ்வளவு சோப்பு வைக்க மாட்டார்கள்.”

முதல் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டு பதில் வந்துவிட்டது. நான்காவதற்கு நேரில் வந்து விளக்குவதாக எழுதியிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை மேல்விஷாரத்தில் சந்திப்பு.